வேலை இல்லை என்று எழுதுவது எப்படி?

நேர்முகத் தேர்வுக்கு வந்து போனவருக்கு வேலை இல்லை என்று மின்னஞ்சல் எழுதும்போது, அந்தச் செய்தி இரண்டாவது வரிக்குள் வந்துவிட வேண்டும். நன்றியும் பாராட்டுமாக ஒரு பத்தி ஓடினால், படிப்பவர் வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்துவிடுவார்.

அடுத்தது காரணம். கணக்காளர் வேலைக்கு வந்தவரிடம் ‘அனுபவம் போதவில்லை’ என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ‘டேலியில் நல்ல வேகம். ஆனால் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் ஏன் உதைக்கிறது என்று கேட்டபோது, நாம் கொடுத்தும் இன்னும் வங்கிக்குப் போகாத காசோலைகளை நீங்கள் பார்க்கவில்லை’ என்று எழுதினால், அன்றிரவே உட்கார்ந்து பழகலாம். தேர்வானவரோடு மட்டும் ஒப்பிட வேண்டாம். அது வீண் வம்பு.

‘மீண்டும் விண்ணப்பியுங்கள்’ என்பதை, கூப்பிடும் எண்ணம் இருந்தால்தான் எழுதலாம். இல்லையென்றால், ‘இரண்டு முறை லீவு போட்டு வந்தீர்கள், மிக்க நன்றி’ என்று முடித்தாலே மனசு ஆறும்.