வைப்புநிதி ரசீதில் பார்க்க வேண்டிய இரண்டு வரிகள்

கணவனும் மனைவியும் சேர்ந்து மூன்று வருடத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வைப்புநிதி போடுகிறார்கள். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்று எழுதியாயிற்று, மகள் நாமினி. ஒரு வருடத்தில் கணவர் இறந்துவிடுகிறார். செலவுக்குப் பணம் வேண்டி மனைவி வங்கிக்குப் போனால், “முதிர்வுக்கு முன் எடுக்க மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்” என்கிறார்கள்.

காரணம், அந்த வாசகம் முதிர்வுத் தொகையைப் பெறத்தான் வழிசெய்கிறது. உயிரோடிருப்பவர் முன்கூட்டியே எடுக்க, இருவரும் கையெழுத்திட்ட தனி ஒப்புதல் வேண்டும். கணக்கு தொடங்கும்போது விட்டுப்போயிருந்தால், இருவரும் இருக்கும்போதே பிறகும் கொடுக்கலாம்.

மகளாலும் எடுக்க முடியாது. கூட்டுக் கணக்கில் எல்லாக் கணக்குதாரர்களும் இறந்த பிறகே நாமினிக்குப் பணம் வரும். அதுவும் வாரிசுகள் சார்பில் வாங்கிக்கொள்ளத்தான். நாமினி என்பதாலேயே அது அவருக்குச் சொந்தமாகிவிடாது.

ரசீதை எடுத்துப் பாருங்கள். ‘நாமினி பதிவு செய்யப்பட்டது’ என்ற வரி இருக்கிறதா? விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறீர்களா? நாமினியின் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா? நாமினி மைனர் என்றால், அவர் சார்பில் பணம் பெறுபவரின் பெயரும் வேண்டும். நாமினி இறந்துவிட்டிருந்தால் உடனே மாற்றுங்கள்.