நாலு டயர், ரெண்டு பில்

என் காருக்கு நாலு டயரும் தேய்ந்துவிட்டன. பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடாகத் தெரியும் தேய்மானக் குறி டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டது. அந்தக் குறியின் உயரம் 1.6 மில்லிமீட்டர். அதற்குமேல் ஓட்டினால் மழையில் பிடி இருக்காது. என் காருக்கு வேண்டிய அளவு 185/65 ஆர் 15.

போனில் ஒரு தளத்தைத் திறந்து பார்த்தேன், டயர் ஒன்று 4,750 ரூபாய். பாளையங்கோட்டையில் வழக்கமாகப் போகும் கடையில் அதே கம்பெனி, அதே மாடல் 5,200 ரூபாய். டயருக்கு 450 வீதம் நாலுக்கு 1,800 ரூபாய் வித்தியாசம். ஆர்டர் போடும் பொத்தானில் விரல் வைத்தபிறகுதான், இதை யார் மாட்டுவது என்ற கேள்வி வந்தது. கடைக்காரரிடமே கேட்டேன்.

“வெளில வாங்குன டயரா அண்ணாச்சி? தாராளமா கொண்டாங்க, மாட்டித் தாரேன். ஆனா கூலி தனி” என்றார். அவர் சொன்ன கூலியையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை இந்தத் தொகை மாறும். கணக்குப் போடும் முறையை மட்டும் பாருங்கள்.

வெளியிலிருந்து கொண்டுவரும் டயரை ரிம்மில் மாட்ட ஒன்றுக்கு 100 ரூபாய். அவரிடமே வாங்கினால் இது இலவசம். புது வால்வு ஒன்று 60 ரூபாய், அவரிடம் வாங்கினால் அதுவும் இலவசம். பேலன்சிங் வெளி டயருக்கு 150, தன் டயருக்கு 100. அதில் ஒட்டும் எடைக்குக் கிராமுக்கு 3 ரூபாய். இது இரண்டு பேருக்கும் ஒன்றுதான், நாலு சக்கரத்துக்கும் சேர்த்து 120 கிராம் என்று வைத்துக்கொண்டேன்.

ஆன்லைன் கணக்கு இப்படி வந்தது. டயர் 19,000, மாட்டுக்கூலி 400, வால்வு 240, பேலன்சிங் 600, எடை 360. ஆகமொத்தம் 20,600. கடைக் கணக்கில் டயர் 20,800, பேலன்சிங் 400, எடை 360. மொத்தம் 21,560. ஆக, 1,800 ரூபாய் லாபம் 960 ஆகச் சுருங்கிவிட்டது. அலைன்மென்ட் கூலி எங்கே வாங்கினாலும் ஒன்றுதான் என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

மிச்சம் இருப்பது பழைய டயர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புது டயர் ஒன்று வாங்கினால், பழைய டயர்க் கழிவைச் சமாளிக்க 1.75 டாலர் அரசுக் கட்டணம் பில்லிலேயே ஏறும். பல நாடுகளில் கழற்றிப் போட்ட டயரை எடுத்துக்கொள்ளக் கடைக்காரருக்கு நாம்தான் பணம் தர வேண்டும். நம் ஊரில் கதை தலைகீழ். பழைய டயருக்கு இங்கே விலை உண்டு. கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தால் செகண்ட் ஹேண்டாகப் போகும். இல்லையென்றால் அரைத்துத் தூளாக்கவோ, காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் வடிக்கவோ மொத்தமாக எடுத்துப்போக ஆள் வருகிறார்கள்.

அதனால் என் கடைக்காரர், தன்னிடம் புது டயர் வாங்கினால் பழசு ஒன்றுக்கு 250 வீதம் 1,000 ரூபாய் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். வெளி டயர் என்றால் ஒன்றுக்கு 100 ரூபாய்தான் தருவாராம். அதையும் கழித்துப் பார்த்தால் ஆன்லைனில் 20,200, கடையில் 20,560. இடைவெளி 360 ரூபாய். கடைக்காரர் டயருக்கு நூறு ரூபாய் குறைத்தால் கடைதான் மலிவு. (பழசை யாருக்கும் கொடுக்காமல் மொட்டைமாடியில் போட்டுவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதில் தேங்கும் மழைத்தண்ணீரைப் போல டெங்கு கொசுவுக்குத் தோதான இடம் வேறில்லை.)

வால்வும் பேலன்சிங்கும் கடைக்காரர் பணம் பிடுங்கும் வழி என்று நினைப்பவர்கள் உண்டு. வால்வு வெறும் ரப்பர்தான். டயரோடு சேர்ந்தே அதுவும் வயதாகிறது. அதை விரலால் ஒருபக்கம் சாய்த்து அடிப்பகுதியைப் பாருங்கள், மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது. அறுபது ரூபாயை மிச்சம் பிடித்துப் பழைய வால்வையே விட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்துக் காற்று இறங்கும்போது அதை மாற்ற டயரை மறுபடி கழற்ற வேண்டும். மாட்டுக்கூலி இரண்டாம் தடவை போகும். காற்றழுத்தம் காட்டும் சென்சார் உள்ள கார் என்றால் வால்வோடு அது சேர்ந்திருக்கும். கழற்றும் முன்பே சொல்லிவிடுங்கள், நெம்புகோல் பட்டால் உடைந்துவிடும்.

பேலன்சிங் செய்யாவிட்டால் எண்பது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். இதில் ஏமாறுவது எடையில்தான். ரிம்மில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பழைய எடைகளைச் சுரண்டி எடுத்தபிறகே சக்கரத்தை மெஷினில் ஏற்ற வேண்டும். சிலர் அதன்மேலேயே புதுசை ஒட்டி, அதைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கம் இன்னும் ஒட்டுவார்கள். கிராமுக்குக் காசு அல்லவா! ஒரு சக்கரத்துக்கு அறுபது, எழுபது கிராம் கேட்டால், காற்றை இறக்கி டயரை ரிம்மின்மேல் அரைச்சுற்று திருப்பி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எடை குறையும். கடைசியில் மெஷின் இரண்டு பக்கமும் சைபர் காட்டுவதை நின்று பார்த்துவிட்டே நகருங்கள்.

பில்லில் வராத செலவு ஒன்று இருக்கிறது. மாட்டும்போது டயரின் உள்ஓரம், அதாவது ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் கம்பி வைத்த விளிம்பு, கிழிந்தால் யார் பொறுப்பு? கடை டயர் என்றால் கடைக்காரர் வேறு மாட்டித்தர வேண்டும். வெளி டயர் என்றால், “வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு” என்பார். ஆன்லைன்காரர், மாட்டிய டயரைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்பார். 4,750 ரூபாய் இருவருக்கும் நடுவில் தொலையும். எனவே ஆன்லைனில்தான் வாங்குவது என்றால், மாட்டும் முன்பே கடைக்காரர் கண்முன் விளிம்பைச் சுற்றிலும் தடவிப் பார்த்து, போட்டோ எடுத்துவிடுங்கள்.

பக்கவாட்டில் அச்சிட்ட நாலு இலக்கத்தையும் படியுங்கள். 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த டயர். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. கடையில் இதைப் பார்த்துவிட்டு, பழசாக இருந்தால் வேறு எடுக்கச் சொல்லலாம். ஆன்லைனில் வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தபிறகுதான் தெரியும். பல கிடங்குகளில் தேங்கிய சரக்குதான் தள்ளுபடியில் வருகிறது. அளவுக்குப் பக்கத்தில் உள்ள 88 எச் போன்ற குறி, டயர் தாங்கும் எடையையும் வேகத்தையும் சொல்வது. அது உங்கள் கார்க் கம்பெனி சொன்னதைவிடக் குறைவாக இருந்தால் அளவு பொருந்தினாலும் வாங்காதீர்கள்.

சில தளங்கள் டயரை வீட்டுக்கு அனுப்பாமல், உங்கள் ஊரில் உள்ள டீலர் கடைக்கே அனுப்பி, மாட்டுக்கூலியையும் விலையிலேயே சேர்த்துக்கொள்கின்றன. அப்படிக் கிடைத்தால் மேலே சொன்ன தகராறு பாதி குறையும். வால்வும் எடையும் அதில் சேருமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

நான் தாளோடு மறுபடி கடைக்குப் போனேன். போனில் இருந்த விலையையும் காட்டினேன். அவர் தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். “எல்லாத்தையும் எழுதியாச்சு போல” என்று சிரித்துவிட்டு, டயருக்கு 150 ரூபாய் குறைத்தார். கடைசியில் கையிலிருந்து போனது 19,960 ரூபாய். பில்லில் நாலு டயரின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். வாரண்டி கேட்கப்போகும் அன்று அதுதான் முதலில் கேட்பார்கள்.