தவணைத் தேதியை மாற்றினால் அடுத்த மாதம் ஏன் கூடுதல் வட்டி வருகிறது?

டிராக்டர் கடனுக்கு மாதம் 5ஆம் தேதி தவணை. பால் பணமோ 15ஆம் தேதிக்கு மேல்தான் கைக்கு வருகிறது. அதனால் வங்கியில் எழுதிக் கொடுத்து, தவணையை 20ஆம் தேதிக்கு மாற்றுகிறீர்கள். அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் "Broken Period Interest" அல்லது "BPI" என்று ஒரு தொகை தனியாக ஏறியிருக்கும். பலர் இதை அபராதம் என்று நினைக்கிறார்கள். இது அபராதம் அல்ல, தள்ளிப்போன நாட்களுக்கான வட்டி.

ஜூன் 5ஆம் தேதி தவணை கட்டியபின் அசல் பாக்கி 4 லட்சம் ரூபாய், ஆண்டு வட்டி 12 சதவீதம், மாதத் தவணை 13,347 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தவணையில் ஒரு மாத வட்டிதான் அடங்கியிருக்கிறது. அடுத்த தவணை ஜூலை 5க்குப் பதில் ஜூலை 20 என்றால், இடையில் உள்ள 15 நாளும் வங்கிப் பணம் உங்களிடமே இருக்கிறது. அதற்கான வட்டி இப்படி வரும்:

```
4,00,000 × 12 ÷ 100 × 15 ÷ 365 = 1,973
```

ஆக ஜூலை 20 அன்று 15,320 ரூபாய் தேவை. ஆகஸ்டில் இருந்து பழைய தவணைதான்.

உங்கள் ஸ்டேட்மென்ட்டில் தொகை இதைவிட அதிகமாகத் தெரிந்தால், எதன் மேல் வட்டி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் முதலில் வாங்கிய 6 லட்சத்தின் மேல் கணக்கிட்டிருந்தால் 2,959 ரூபாய் வரும். அது தவறு, மேலாளரிடம் எழுதிக் கொடுத்துத் திருத்தக் கேளுங்கள். தேதி மாற்றக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் இருந்தால் அவை வேறு வரியில் இருக்க வேண்டும், வட்டியோடு கலக்கக் கூடாது.

சிக்கல் பெரும்பாலும் பணம் எடுக்கும்போதுதான் வருகிறது. கணக்கில் தவணைக்கு மட்டும் பணம் வைத்திருந்தால், கூடுதல் வட்டி பாக்கியாக நின்றுவிடும். தொகை சிறியதுதான், ஆனாலும் அது தவணை தவறியதாகவே பதிவாகலாம். தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியின் உச்சவரம்பு 15,000 என்றால் 15,320ஐ ஒரே தடவையில் எடுக்க முடியாது. எனவே இந்த வட்டியைத் தவணையோடு எடுப்பார்களா, தனியாகக் கட்ட வேண்டுமா என்று விண்ணப்பம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். மாற்றம் எந்த மாதத்திலிருந்து என்பதை எழுத்தில் வாங்கும்வரை பழைய தேதிக்கும் பணம் இருக்கட்டும்.

தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தாலும் இந்த வட்டி வரலாம். 20ஆம் தேதியை 5க்கு மாற்றும்போது, ஜூன் 20க்குப் பின் அடுத்த தவணையை ஜூலை 5க்கே கேட்டால் கூடுதல் வட்டிக்கு இடமில்லை. ஆகஸ்ட் 5க்குத் தள்ளினால் 16 நாள் வட்டி சேரும்.

பயிர்க் கடனுக்கு மாதத் தவணை கிடையாது என்பதால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.