போட்ட பருப்பும் வந்த எண்ணெயும்

சிறுதொழிலுக்கு வங்கிக் கடன் கேட்கப் போனால் முதலில் கேட்பது ப்ராஜெக்ட் ரிப்போர்ட். பெரும்பாலும் அது ஆடிட்டர் அலுவலகத்தில் தயாராகும். புதிதாக உட்கார்ந்து எழுதுவது அபூர்வம். போன மாதம் வேறொருவருக்குச் செய்த கோப்பைத் திறந்து, பெயரையும் தொழிலையும் மாற்றி, எக்செல் தாளில் புது எண்களைப் போட்டு, கடைசியில் முதல் பக்கச் சுருக்கத்தைத் தட்டச்சு செய்வார்கள். விவரணை ஒரு நேரத்தில், அட்டவணை ஒரு நேரத்தில், சுருக்கம் ஒரு நேரத்தில் உருவாகிறது. இந்த மூன்றும் ஒட்டும் இடங்களில்தான் முரண்பாடு ஒளிந்திருக்கும். கையெழுத்துப் போடுமுன் அங்கே எப்படித் தேடுவது என்பதை ஒரு மரச்செக்கு எண்ணெய் அலகின் மாதிரி அறிக்கையை வைத்துப் பார்ப்போம். எண்கள் எல்லாம் இந்த விளக்கத்துக்காக நான் போட்டவை.

அறிக்கையின் மூன்றாம் பக்கம் இப்படிச் சொல்கிறது: இரண்டு செக்குகள். ஒவ்வொன்றிலும் மணிக்கு 20 கிலோ நிலக்கடலைப் பருப்பு. நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள். நூறு கிலோ பருப்புக்கு 40 கிலோ எண்ணெய், 60 கிலோ புண்ணாக்கு. முதலாண்டில் முழுத் திறனில் 60 சதவீதம்தான் ஓடும், இரண்டாமாண்டில் 70 சதவீதம்.

பெருக்கிப் பார்த்தால், முழுத் திறனில் ஆண்டுக்கு 96,000 கிலோ பருப்பு. அதில் 60 சதவீதம் 57,600 கிலோ. மூலப்பொருள் அட்டவணையிலும் முதலாண்டுக்கு இதே 57,600 கிலோதான் இருக்கிறது. கிலோ 110 ரூபாய் வீதம் 63.36 லட்சம். புண்ணாக்கு 34,560 கிலோ, அதுவும் சரி. விற்பனை அட்டவணையில் எண்ணெய் 29,500 லிட்டர், லிட்டர் 300 ரூபாய், மொத்தம் 88.5 லட்சம். கூட்டல், பெருக்கல் எதிலும் பிழையில்லை. மேலோட்டமாகப் பார்ப்பவர் இங்கே பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

பருப்பை வாங்குவது கிலோவில், எண்ணெயை விற்பது லிட்டரில். கண் ஏமாறுவது இந்த அலகு மாறும் இடத்தில்தான். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். ஆக 29,500 லிட்டர் என்பது சுமார் 26,850 கிலோ. புண்ணாக்கு 34,560 கிலோவை இதோடு கூட்டினால் 61,400 கிலோ வருகிறது. செக்கில் போட்டதோ 57,600 கிலோ. போட்டதைவிட வெளியே வந்தது கிட்டத்தட்ட 3,800 கிலோ அதிகம்! உண்மையில் கசடு, சேதாரம் என்று கொஞ்சம் குறைய வேண்டும். ஆட்டும்போது தெளிக்கும் தண்ணீரைச் சேர்த்தாலும் நாலு டன் கூடாது.

எங்கே தவறு? 29,500 லிட்டருக்கு எத்தனை பருப்பு வேண்டும் என்று பின்னோக்கி வகுத்தால் சுமார் 67,000 கிலோ வருகிறது. அது முழுத் திறனில் 70 சதவீதம். அதாவது இரண்டாமாண்டு விற்பனை முதலாண்டுக் கட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெட்டி ஒட்டும்போது எக்செல்லில் ஒரு பத்தி நகர்ந்துவிட்டது. இப்படிப் பின்னோக்கி வகுப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த கட்டம்: தப்பான எண் எங்கிருந்து வந்தது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

முதலாண்டுக்கு உரிய அளவு 25,300 லிட்டர், 75.9 லட்சம் ரூபாய். வித்தியாசம் 12.6 லட்சம். அறிக்கையில் முதலாண்டு லாபம் 16.94 லட்சம் என்று இருந்தது, திருத்தினால் 4.34 லட்சம். மேனேஜர் முதலில் புரட்டும் பக்கம் டி.எஸ்.சி.ஆர்., அதாவது கடனைக் கட்டும் தெம்பு. லாபம், தேய்மானம், கடன் வட்டி மூன்றையும் கூட்டி, அந்த ஆண்டு கட்ட வேண்டிய அசலும் வட்டியுமான தொகையால் வகுப்பது. இங்கே தேய்மானம் 2.1 லட்சம், வட்டி 1.8 லட்சம், அசல் 3.42 லட்சம். தவறான லாபத்தை வைத்தால் கிட்டத்தட்ட 4 வரும். சரியானதை வைத்தால் 1.58. பொதுவாக 1.5-ஐ ஒட்டி இருந்தாலே வங்கிகள் ஏற்கும். சரியான கணக்கே போதுமானதாக இருந்திருக்கிறது. 4 என்ற எண்தான் மேனேஜருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும்.

இது சின்ன அலுவலகங்களின் நோய் என்று நினைக்க வேண்டாம். பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் பன்னாட்டுக் குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கையில் இமயமலைப் பனிப்பாறைகள் பற்றி ஓர் அட்டவணை உண்டு. பிண்டாரி பனிப்பாறை 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது, ஆண்டுக்குச் சராசரி 135.2 மீட்டர் என்றது அது. இடையில் இருப்பது 121 ஆண்டு, வகுத்தால் 23.5 தான் வரும். 21-ஆல் வகுத்தால் அச்சு அசலாக 135.2 வருகிறது. அதே பகுதியின் விவரணையில் இமயப் பனிப்பாறைகளின் பரப்பு 30 லட்சம் ஹெக்டேர், அதாவது 30,000 சதுர கிலோமீட்டர் என்று ஓரிடத்தில். 2035-க்குள் 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கும் என்று இன்னோரிடத்தில். அந்த 2035 கணிப்புக்காக 2010 ஜனவரியில் குழு வருத்தம் தெரிவித்தது. வெளி ஆதாரம் எதையும் தேடாமல், ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டே இவற்றில் கை வைத்திருக்கலாம்.

நம் அறிக்கைக்குத் திரும்புவோம். விவரணையில் இயந்திர விலை 12.5 லட்சம், திட்டச் செலவு அட்டவணையில் 14 லட்சம். எதை நம்புவது? மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். தேய்மானம் அந்தச் சாட்சி. இயந்திரத்துக்கு 15 சதவீதம் என்று வைத்தால் 2.1 லட்சம் என்பது 14 லட்சத்துக்குத்தான் பொருந்தும். ஆக விலை பின்னால் ஏறியிருக்கிறது, எக்செல்லில் மாற்றியவர் விவரணையை மறந்துவிட்டார். ஆனால் இரண்டு பேர் ஒத்துச் சொன்னதாலேயே அது உண்மையாகிவிடாது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது விற்பனையாளர் தந்த கொட்டேஷன். அதில் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் இப்படி ஒரு இடைவெளிக்கு வரியே காரணமாக இருப்பதுண்டு.

மின்சாரத்திலும் இதே வழிதான். விவரணை 25 ஹெச்.பி. இணைப்பு கேட்கிறது. செலவு அட்டவணையில் முதலாண்டுக்கு 10,700 யூனிட். முதலாண்டில் 60 சதவீதம் என்றால் ஓடும் நேரம் 1,440 மணி. வகுத்தால் சுமார் 7.4 கிலோவாட், அதாவது 10 ஹெச்.பி. அந்த 25, பழைய கோப்பில் இருந்த வேறொருவருடைய தொழிலின் மிச்சம். இப்படி ஒரு மிச்சம் கிடைத்தால் அதோடு நிறுத்தாமல், கோப்பு முழுக்க அந்தப் பழைய தொழிலின் சொற்களைத் தேடிப் பார்ப்பது நல்லது. வேலையாட்கள் எண்ணிக்கையும் அடிக்கடி இப்படித் தங்கிவிடும்: சுருக்கத்தில் எட்டுப் பேர், சம்பளப் பட்டியலில் ஐந்து பேர்.

திருத்தும்போது இறுதி எண்ணின் மேல் நேராகத் தட்டச்சு செய்வதுதான் பெரிய ஆபத்து. விற்பனைக் கட்டத்தைச் சரிசெய்தால் லாபம், டி.எஸ்.சி.ஆர்., இருப்புநிலைக் குறிப்பு, முதல் பக்கச் சுருக்கம் நான்கும் மாற வேண்டும். சூத்திரத்தை அழித்து யாராவது எண்ணைக் கையால் போட்டிருந்தால் அந்தக் கட்டம் மட்டும் அசையாமல் நிற்கும். பருப்பு விலையை 110-லிருந்து 111 ஆக மாற்றிப் பாருங்கள். செலவு 57,600 ரூபாய் கூட வேண்டும், லாபமும் அதே அளவு இறங்க வேண்டும். அசையாத கட்டம் எதுவோ, அங்கே ஒரு கை வைத்திருக்கிறது.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. லிட்டர் 300 ரூபாய் என்பது எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருந்தால், எந்தப் பெருக்கலும் அதைக் காட்டிக்கொடுக்காது. அந்த விலைக்கு அந்த ஊரில் 25,300 லிட்டர் விற்குமா என்பதை நாலு கடையில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.