ஆஃபர் லெட்டரில் இல்லாத அந்த ஒரு எண்

சில வருடங்களுக்கு முன் டொரண்டோவில் ஒரு பெரிய நிதி நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஆஃபர் லெட்டரில் நான் பார்த்தது இரண்டே விஷயம்தான். பதவி, சீனியர் சாஃப்ட்வேர் எஞ்சினியர். சம்பளம், வருடத்துக்கு 128,000 டாலர். பழைய வேலையைவிட 14,000 அதிகம். அன்று இரவே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஐந்தாவது மாதம், பக்கத்து டீமில் இருந்த நண்பர் பேச்சுவாக்கில் தன்னுடைய போனஸ் 15 சதவீதம் என்றார். எனக்கு 10 சதவீதம். அவருக்கும் அதே சீனியர் பதவிதான், சம்பளமும் ஏறக்குறைய அதேதான். எச்ஆர் தளத்தில் தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் கிரேடு 7, நான் கிரேடு 6. அந்த நிறுவனத்தில் இரண்டு கிரேடுக்கும் ஒரே பதவிப் பெயர்.

"சம்பளம் ஒண்ணுதானே, கிரேடு என்ன பெரிய விஷயம்?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். கிரேடு 6-க்கான சம்பள பேண்ட் 104,000 முதல் 130,000 வரை. என்னுடைய 128,000 அதன் கூரையைத் தொடுகிறது, மேலே ஏற 2,000 டாலர்தான் இடம். கிரேடு 7-இன் பேண்ட் 122,000 முதல் 154,000 வரை. அதே 128,000 அங்கே அடித்தட்டு, மேலே 26,000 டாலர் இடம் இருக்கிறது. பேண்டின் உச்சியில் இருப்பவருக்கு வருடாந்திர உயர்வைக் குறைத்துக் கொடுப்பது பல பெரிய நிறுவனங்களில் வழக்கம். நன்றாக வேலை செய்தும் எனக்கு முதல் வருடம் கிடைத்தது ஒன்றரை சதவீதம். போனஸிலோ 12,800-க்கும் 19,200-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது வருடத்துக்கு 6,400 டாலர்.

அடுத்தது ரிப்போர்டிங். என்னை இன்டர்வியூ செய்தவர் ஒரு டைரக்டர். அவரிடம்தான் வேலை செய்யப் போகிறேன் என்று நானாக நினைத்துக்கொண்டேன், யாரும் அப்படிச் சொல்லவில்லை. முதல் நாள் போனால், எனக்கு மேலே கிரேடு 7-இல் ஒரு டீம் லீட், அவருக்கு மேலே மேனேஜர், அதற்கும் மேலே அந்த டைரக்டர். டீம் லீட் நல்ல மனிதர்தான். ஆனால் எனக்குப் பிரமோஷன் வந்தால் நானும் அவரும் ஒரே கிரேடு ஆகிவிடுவோம். அதைவிட முக்கியம், வருடக் கடைசியில் யாருக்கு என்ன ரேட்டிங் என்று முடிவு செய்யும் கூட்டத்தில் மேனேஜர்கள்தான் உட்காருவார்கள், டீம் லீடுக்கு அங்கே நாற்காலி இல்லை. என் வேலையைத் தினமும் பார்ப்பவர் ஒருவர், எனக்காகப் பேச வேண்டியவர் வேறொருவர். பிரமோஷனுக்கு இரண்டே கால் வருடம் ஆனது.

இதையெல்லாம் முன்பே கேட்டிருக்கலாமா என்றால், தாராளமாகக் கேட்டிருக்கலாம். பெரிய நிறுவனத்தில் ஒரு காலியிடத்தைத் திறக்கும்போதே அதற்குக் கிரேடு, பேண்ட், யாருக்குக் கீழே என்ற மூன்றையும் போட்டுத்தான் ஒப்புதல் வாங்குகிறார்கள். நிறுவனத்தின் சொந்த ரெக்ரூட்டருக்கு அவருடைய திரையிலேயே அது தெரியும். வெளி ஏஜென்சிக்காரர் என்றால் தெரியாமல் இருக்கலாம், ஆனால் எச்ஆரிடம் கேட்டு வாங்கித் தர முடியும்.

இப்போது ஒன்டாரியோவில் சட்டமே வந்துவிட்டதே என்று சிலர் சொல்கிறார்கள். 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பொது வேலை விளம்பரங்களில் சம்பள வரம்பைப் போட வேண்டும். அந்த வரம்பு 50,000 டாலருக்கு மேல் விரியக்கூடாது. வருடத்துக்கு 200,000-க்கு மேல் போகும் வேலைகளுக்கு விலக்கு உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் என் கதையையே பாருங்கள். கிரேடு 6-இன் அடி 104,000, கிரேடு 7-இன் உச்சி 154,000. சரியாக 50,000. இரண்டு கிரேடையும் ஒரே விளம்பரத்தில் சட்டப்படியே அடக்கிவிடலாம். சட்டம் சம்பளத்தைத்தான் சொல்லச் சொல்கிறது, கிரேடை நாம்தான் கேட்க வேண்டும்.

எப்போது கேட்பது? "உங்களைத் தேர்வு செய்திருக்கிறோம்" என்று போனில் சொன்ன பிறகு, லெட்டர் வருவதற்கு முன். லெட்டர் தயாராகிவிட்டால் கிரேடை மாற்ற மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கு யாருக்கும் மனசு வராது. போனில் நன்றி சொல்லிவிட்டு, ஒரு சின்ன மெயில் போதும். இந்த வேலையின் கிரேடு என்ன, அந்தக் கிரேடுக்கான சம்பள பேண்டும் போனஸ் சதவீதமும் என்ன, நான் யாருக்கு நேரடியாக ரிப்போர்ட் செய்வேன், அவருடைய பதவி என்ன, என் வருடாந்திர மதிப்பீட்டை எழுதப்போவது அவர்தானா? இவ்வளவுதான். பதில் மெயிலிலேயே வரட்டும். லெட்டருக்கு வெளியே சொன்ன எதுவும் செல்லாது என்று பல ஆஃபர் லெட்டர்களில் ஒரு வரி இருக்கும். அதனால் கிரேடையும் மேனேஜரின் பதவியையும் லெட்டரிலேயே சேர்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

"கிரேடு விவரம் வெளியில் சொல்வதில்லை" என்று பதில் வந்தால் சண்டை வேண்டாம். போனஸ் இலக்கு எத்தனை சதவீதம், இதற்கு அடுத்த பதவியின் பெயர் என்ன, எனக்கும் டைரக்டருக்கும் நடுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் கிரேடு ஏறக்குறைய தெரிந்துவிடும். இருபது பேர் இருக்கும் ஸ்டார்ட்-அப்பில் நிஜமாகவே கிரேடு இருக்காது. அங்கே ரிப்போர்டிங் கேள்வி மட்டும் போதும்.

எண்ணை மட்டும் வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள். கூகுளில் எல்5 என்றால் சீனியர் எஞ்சினியர். அமேசானில் எல்5 அதற்கு ஒரு படி கீழே, அங்கே சீனியர் என்பது எல்6. அந்த நிறுவனத்தின் ஏணியில் நாம் எந்தப் படியில், எந்த உயரத்தில் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

நம்மில் பலருக்குக் கேட்கவே கூச்சம். "கேட்டா ஆஃபரையே ரத்து பண்ணிட்டா?" என்று பயம். போன வருடம் வேலை மாறியபோது நான் இதே மெயிலை அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. கிரேடு நான் எதிர்பார்த்ததைவிட ஒரு படி குறைவு. உயர்த்த முடியுமா என்று கேட்டேன். அதற்கு இன்னொரு டிசைன் இன்டர்வியூ வேண்டும் என்றார்கள். போனேன், தேறவில்லை. கிரேடு மாறவில்லை, ஆஃபரும் போகவில்லை. பேண்டின் நடுவில் சம்பளம் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் நாற்காலி உள்ள மேனேஜருக்குக் கீழே, எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தே சேர்ந்தேன். ஐந்தாம் மாதம் பக்கத்து டீம்காரர் சொல்லித் தெரிந்துகொள்வதற்கு இந்த முறை எதுவும் மிச்சமில்லை.