வீட்டு ரவுட்டருக்கு உங்கள் போன் அந்நியமாவது ஏன்?

பாஸ்வேர்டு சரி. சிக்னலும் முழுதாக இருக்கிறது. வீட்டில் மற்றவர்களின் போன்கள் வைஃபையில் ஓடுகின்றன. புதிதாக வாங்கிய போன் மட்டும் இணைய மறுக்கிறது. பெரும்பாலானோர் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள், பிறகு போனைக் குறை சொல்கிறார்கள். அந்த வீட்டு ரவுட்டரில் 'மேக் ஃபில்டர்' போட்டிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது போன் தன்னை என்ன முகவரியில் அறிமுகப்படுத்திக்கொள்கிறது என்பதைத்தான்.

வைஃபை உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு மேக் முகவரி பதிக்கப்படுகிறது. அதில் பன்னிரண்டு குறிகள் இருக்கும். முதல் ஆறு பெரும்பாலும் தயாரிப்பாளரைக் குறிக்கும். ரவுட்டர் போனை அறிவது இந்த முகவரியால்தான். போனின் பெயரோ உரிமையாளரின் பெயரோ அதற்குப் பெரிதல்ல. குடியிருப்பு வாசலில் காவலாளி வண்டி எண்ணை நோட்டில் பார்த்துவிட்டு உள்ளே விடுவது போலத்தான் இதுவும்: நோட்டில் இல்லாத எண் வந்தால், உள்ளே இருப்பவர் யார் என்று அவர் பார்க்க மாட்டார்.

மாறாத இந்த எண்ணால் ஒரு தொல்லை இருந்தது. வைஃபையைத் தேடும் போன், போகும் வழியெல்லாம் தன் முகவரியைக் காற்றில் சொல்லிக்கொண்டே போகும். 2013இல் லண்டன் நகரின் மையப்பகுதியில் தெருவோரக் குப்பைத் தொட்டிகள் சிலவற்றில் பொருத்திய கருவிகள், கடந்து போகிறவர்களின் போன் முகவரிகளைச் சேகரித்தது வெளியே வந்து, நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் போன்கள் பொய் முகவரி காட்டப் பழகின. ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) முதல், ஒரு வைஃபையில் இணையும்போதே அந்த வைஃபைக்கென்று தனியாக உருவாக்கிய முகவரியைப் போன் கொடுக்கிறது. இது நமக்கு நல்லது; அணைத்து வைக்க வேண்டிய தொந்தரவு அல்ல.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா ரவுட்டரில் இரண்டு வேலைகள் செய்து வைத்திருக்கிறார். பட்டியலில் உள்ள கருவிகளை மட்டும் அனுமதி என்று ஒன்று. மகளின் போனுக்கு எப்போதும் 192.168.1.20 என்ற ஐபி முகவரியைக் கொடு என்று இன்னொன்று. இரண்டையும் அவர் போனின் 'அபவுட்' பக்கத்தில் பார்த்த தொழிற்சாலை முகவரியை வைத்தே எழுதினார். ஆனால் போன் இணையும்போது காட்டுவது வேறு:

```
00:00:5E:00:53:1A   (தொழிற்சாலை முகவரி)
DA:36:8F:12:7C:05   (இணையும்போது காட்டுவது)
```

இரண்டாவது முகவரி பட்டியலில் இல்லை, ரவுட்டர் மறுத்துவிடுகிறது. அப்பா ஃபில்டரை எடுத்துவிட்டால் போன் இணையும். ஆனால் 20 கிடைக்காது. அந்த முகவரிக்கு ஒதுக்கீடே இல்லையாதலால், புதிதாய் வந்த எவருக்கும் கொடுப்பதுபோல் 192.168.1.107 என்று காலியாக இருப்பதில் ஒன்றைக் கொடுக்கும். 20ஐ நம்பி எழுதிய நேரக் கட்டுப்பாடு எதுவும் அந்தப் போனைத் தொடாது.

இது தற்காலிக முகவரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இடமிருந்து இரண்டாவது குறியைப் பாருங்கள். அது 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால், முகவரி தொழிற்சாலையில் கொடுத்தது அல்ல, கருவியில் உருவாக்கியது என்று பொருள். மேலே உள்ள DA-வில் A இருக்கிறது. ரவுட்டர் பட்டியலில் பெயரில்லாத கருவியைக் கண்டு திருடன் என்று பயப்படும் முன் இதைப் பார்க்கலாம்.

அப்பா DA முகவரியைப் பட்டியலில் சேர்த்தார். வேலை செய்தது. மறுநாள் மாடியில் மறுபடி மறுப்பு. அந்த வீட்டில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். போனுக்குப் பெயர் வேறென்றால் நெட்வொர்க் வேறு. அதற்கு வேறொரு முகவரி. ஒரே போனுக்கு இரண்டு வரி எழுத வேண்டியிருந்தது.

பாஸ்வேர்டு உள்ள வீட்டு வைஃபையில் பொதுவாக இந்த முகவரி நாளுக்கு நாள் மாறுவதில்லை. ஐபோனில் நெட்வொர்க்கை 'மறந்துவிடு' என்று கொடுத்துவிட்டுப் பிறகு இணைந்தால் மாறக்கூடும். ஐஓஎஸ் 18இல் `Private Wi-Fi Address` என்ற இடத்தில் `Off`, `Fixed`, `Rotating` என மூன்று இருக்கின்றன. `Rotating` என்றிருந்தால் முகவரி அவ்வப்போது தானாகவே மாறும். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் `Privacy` பகுதியில் இதைப் பார்க்கலாம்.

ஆகவே வீட்டு வைஃபைக்கு `Fixed` வைத்து, போன் அங்கே காட்டும் முகவரியையே ரவுட்டரில் எழுதுங்கள். தொழிற்சாலை முகவரிக்குத் திரும்ப வேண்டியதில்லை. மேக் ஃபில்டரைப் பாதுகாப்பு என்று நம்பி வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவிடலாம். இணைந்துள்ள போன்களின் முகவரிகள் காற்றில் மறைக்கப்படாமல்தான் போகின்றன. தெரிந்தவர் எடுத்துக் காட்டி நுழைந்துவிடுவார். வீட்டைக் காப்பது நீளமான பாஸ்வேர்டும் WPA2 அல்லது WPA3 அமைப்பும்தான்.