பத்து பிக் பிளைண்ட் மிஞ்சும்போது

போக்கர் போட்டியில் ஆட்டக்காரர் முன் 10,000 சில்லுகள் இருக்கின்றன என்றால் அது நிறையவா, கொஞ்சமா என்று சொல்ல முடியாது. பிளைண்ட் 50-க்கு 100 என்று ஓடும் வேளையில் அது நிம்மதியாக உட்கார்ந்து ஆடப் போதுமான தொகை. 500-க்கு 1,000 என்று ஏறிவிட்ட வேளையில் அதே சில்லுகள் சில சுற்றுகளில் தானாகவே கரைந்துபோகும். அதனால் போட்டி ஆடுபவர்கள் சில்லுகளை எண்ணுவதில்லை. கையிருப்பைப் பிக் பிளைண்டால் வகுத்து, 100 இருக்கிறது, 25 இருக்கிறது, 10 இருக்கிறது என்று பேசுவார்கள். அந்த எண் மாறும்போது, கையில் இருக்கும் அதே இரண்டு சீட்டை ஆடும் விதமும் மாறிவிடுகிறது.

போட்டிகளில் பெரும்பாலும் ஆடப்படுவது நோ-லிமிட் டெக்ஸாஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. அவற்றில் முதல் மூன்றும் சேர்ந்து விழுவது ஃப்ளாப். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகைதான் ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். இப்போதைய போட்டிகள் பலவற்றில் ஆன்டி என்னும் இன்னொரு கட்டாயத் தொகையும் உண்டு. மேசை முழுவதற்குமாகப் பிக் பிளைண்டில் இருப்பவரே ஒரு பிக் பிளைண்ட் அளவுக்கு அதைக் கட்டிவிடுகிறார். குறித்த நேரத்துக்கு ஒருமுறை இவை எல்லாம் உயரும். லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் அண்மை ஆண்டுகளில் 60,000 சில்லுகளோடும் 100/200 பிளைண்டோடும் ஆட்டம் தொடங்குகிறது. அதாவது 300 பிக் பிளைண்ட். ஆனால் எந்தப் போட்டியும் அந்த நிலையிலேயே நிற்பதில்லை. பணப்பரிசு நெருங்கும் கட்டத்தில் மேசையில் பலர் முன் 20-க்கும் குறைவாகவே இருக்கும்.

இந்த அளவுகோலுக்கு ஓர் அண்ணன் உண்டு. பேக்கேமன் ஆட்டத்தில் புகழ்பெற்ற பால் மேக்ரியல் வகுத்த அது, அவர் பெயரின் முதலெழுத்தால் ‘எம்’ எனப்படுகிறது. 1995-இல் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன் தம் நூல்களில் அதைப் பரப்பினார். கையிருப்பை ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட், ஆன்டி மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது எம். 500, 1,000, 1,000 சேர்ந்து 2,500. 10,000 சில்லு வைத்திருப்பவரின் எம் 4. ஒன்றுமே ஆடாமல் உட்கார்ந்திருந்தால் நான்கு சுற்றில் கை காலியாகிவிடும் என்பதே அதன் பொருள். பேச்சில் பிக் பிளைண்ட் கணக்கே வென்றுவிட்டது என்றாலும், காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதை எம் போலத் தெளிவாகக் காட்டும் எண் வேறில்லை.

100 பிக் பிளைண்ட் வைத்திருப்பவர் விலைகொடுத்துப் பெறுவது பின்னால் வரும் வாய்ப்பை. அவரிடம் இரண்டு நான்கு வந்தால், சிறு தொகை கட்டி ஃப்ளாப்பைப் பார்ப்பார். மூன்றாவது நான்கு ஃப்ளாப்பில் விழுவது ஏறக்குறைய எட்டரைக்கு ஒருமுறைதான். ஆனால் விழும்போது எதிராளியிடமிருந்து பெரிய தொகையைக் கறக்க முடியும். தவறிய முறைகளின் செலவு அதில் ஈடாகிவிடும். 10 பிக் பிளைண்டோடு இதைச் செய்தால் கணக்கு உதைக்கிறது. ஒவ்வொரு தவறிய முயற்சியும் கையிருப்பில் ஐந்தில் ஒன்றைத் தின்றுவிடும். விழுந்தாலும் வெல்வதற்கு எஞ்சியிருப்பது சொற்பமே. இருப்பு குறையக் குறைய, வளரக்கூடிய சீட்டுகளின் மதிப்பு இறங்கி, இப்போதே பெரிதாக இருக்கும் சீட்டுகளின் மதிப்பு ஏறுவது இதனால்தான்.

25-க்கும் 15-க்கும் இடைப்பட்ட இருப்புக்குத் தனி வலிமை உண்டு. டீலர் இடத்தில் இருப்பவர் 2.2 பிக் பிளைண்டுக்கு ஏற்றுகிறார் என்று கொள்வோம். பிளைண்டுகளையும் ஆன்டியையும் சேர்த்து நடுவில் 4.7 இருக்கும். பிக் பிளைண்டில் இருப்பவரிடம் மொத்தம் 18 இருந்து, எல்லாவற்றையும் நகர்த்தி ஆல்-இன் சொன்னால், ஏற்றியவர் தொடர்வதற்கு இன்னும் 15.8 கட்ட வேண்டும். நூற்றில் 42 முறையாவது வெல்வார் என்றால்தான் அது கட்டுப்படியாகும். அவர் ஏற்றிய கைகளில் பல அந்தத் தரத்தில் இருக்காது; கீழே போட்டுவிடுவார். ஆல்-இன் சொன்னவரிடம் 18-க்குப் பதில் 7 மட்டுமே இருந்தால்? ஏற்றியவர் கட்ட வேண்டியது 4.8 தான், நூற்றுக்கு 31 முறை வென்றாலே போதும். அவர் மறுப்பதற்குக் காரணமே இல்லை. எதிராளியை விலகவைக்கும் ஆற்றலும் ஒரு சொத்துதான். சீட்டைப் போலவே அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இருப்போடு சேர்ந்து அது தேய்கிறது.

10-க்கு இறங்கியதும் ஆட்டம் ஏறத்தாழ இரண்டே முடிவாகச் சுருங்குகிறது: ஆல்-இன், அல்லது சீட்டைக் கீழே போடுவது. காரணத்தை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். பிளைண்ட் 500/1,000, ஆன்டி 1,000. எல்லோரும் விலகிவிட்டார்கள், ஸ்மால் பிளைண்டும் பிக் பிளைண்டும் மட்டுமே மிச்சம். ஸ்மால் பிளைண்டில் இருப்பவரிடம், கட்டிய 500-ஐயும் சேர்த்து, 10,000. எதிராளியிடம் அதைவிட அதிகம். கையில் ராணியும் ஏழும், வேறு வேறு இனம். பார்க்க அழகில்லாத கை. கீழே போட்டால் 9,500 மிஞ்சும்.

2,500-க்கு மட்டும் ஏற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும். எதிராளி உடனே ஆல்-இன் சொன்னால், இன்னும் 7,500 கட்டி மொத்தம் 21,000-க்கு மோத வேண்டும். நூற்றுக்கு 36 முறை வென்றால் போதும் என்பதால் பெரும்பாலும் கட்டியே ஆக வேண்டியிருக்கும். இல்லையேல் இருப்பில் கால்பங்கை விட்டுக்கொடுத்து வெளியேற வேண்டும். எப்படியும் எல்லாம் உள்ளே போகப்போகிறது என்றால், முதலில் தள்ளுபவருக்கே இலாபம். எதிராளி விலகும் வாய்ப்பு அவருக்குத்தான் கிடைக்கிறது.

ஆல்-இன் சொன்னால் என்ன ஆகும்? எதிராளி தம் கைகளில் சிறந்த 35 விழுக்காட்டோடு மட்டும் ஈடுகட்டுகிறார் என்று கொள்வோம். மீதி 65 முறை அவர் விலகுவார். ஸ்மால் பிளைண்டின் இருப்பு 12,000 ஆகும். ஈடுகட்டும்போது ராணி-ஏழு சுமார் 38 விழுக்காடு வெல்லும். வென்றால் 21,000, தோற்றால் வெளியே. 12,000-இல் 65 விழுக்காடு 7,800. 21,000-இல் 38 விழுக்காடு 7,980. அது நடப்பது நூற்றுக்கு 35 முறை என்பதால் அதன் பங்கு சுமார் 2,790. கூட்டினால் ஏறக்குறைய 10,590. கீழே போட்டால் மிஞ்சும் 9,500-ஐவிட இது ஒரு முழு பிக் பிளைண்ட் அதிகம். ஈடுகட்டினால் பெரும்பாலும் தோற்கிற கை, மொத்தத்தில் இலாபம் தருகிறது.

எதிராளி துணிந்து 60 விழுக்காடு கைகளோடு ஈடுகட்டினாலும் நிலைமை கெடுவதில்லை. அப்போது அவர் கொண்டுவரும் கைகள் பலவீனமாக இருக்கும். ராணி-ஏழின் வெற்றி 41 விழுக்காட்டுக்கு ஏறும். மதிப்பு 9,970-ஐ ஒட்டி நிற்கும். இன்னமும் 9,500-க்கு மேலேதான்.

இதே கையை 25 பிக் பிளைண்டோடு தள்ளினால், நடுவில் கிடக்கும் 2,500-க்காக 25,000-ஐப் பணயம் வைத்ததாகும். எதிராளி 30 விழுக்காடு கைகளோடு ஈடுகட்டினால், இலாபம் அநேகமாகச் சுழியத்துக்கு வந்துவிடும். மறுபக்கம், 3 பிக் பிளைண்ட்தான் மிச்சம் என்றால், எதிராளி 2,000 கட்டி 7,000-க்கு மோதலாம். கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார். அப்போதும் தள்ளுவதுதான் சரி. எந்தக் கைக்கும் எதிராக ராணி-ஏழு பாதிக்குச் சற்றே மேல் வெல்லும். ஆனால் அந்த இலாபம் சீட்டிலிருந்து மட்டுமே வருகிறது. நல்ல கைக்காகக் காத்திருந்து 10-ஐ 3 ஆக்கியவர் இழந்தது 7 பிக் பிளைண்டை மட்டுமன்று, எதிராளியை விலகச் செய்யும் ஆற்றலையும்தான். புதியவர்களின் மிகச் செலவுபிடித்த தவறு இதுவே.

அடுத்த தவறு இடத்தை மறப்பது. ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசுபவருக்குப் பின் எட்டு பேர் காத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சிறந்த பத்தில் ஒரு கை இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 10 என்றால், எட்டு பேரில் ஒருவரிடமாவது இருக்கும் வாய்ப்பு 57. டீலர் இடத்திலிருந்து தள்ளும்போது பின்னால் இருவர்தான்; வாய்ப்பு 19. ஏஸும் நான்கும் வந்ததும் முதல் இடத்திலிருந்தே தள்ளுவோர் இங்கேதான் அடிபடுகிறார்கள். அங்கே ஈடுகட்டுபவரிடம் இன்னொரு ஏஸ் பெரிய துணையோடு இருக்கும். அப்போது வெற்றி நாலில் ஒன்றுதான். எண்ணும்போது பார்க்க வேண்டியது இருவரில் சிறிய இருப்பை என்பதையும் மறக்கக் கூடாது. தன்னிடம் 60 இருந்தாலும், எதிரில் இருப்பவரிடம் 8 என்றால், அந்தக் கை 8 பிக் பிளைண்ட் ஆட்டமே.

இதுவரை பார்த்த கணக்கு முழுவதும் ஒரு சில்லுக்கு ஒரே மதிப்பு என்று கொண்டது. பரிசு நெருங்கும்போது அது பொய்த்துவிடுகிறது. நான்கு பேர் மிச்சம்; நால்வரிடமும் சமமாக 10 பிக் பிளைண்ட். மொத்தப் பரிசு 100 ரூபாய் என்றால் முதல் மூவருக்கு 50, 30, 20, நான்காமவருக்கு ஒன்றுமில்லை. இப்போது ஒவ்வொருவரின் இருப்பும் 25 ரூபாய் பெறும். ஒருவர் இன்னொருவரை வெளியேற்றிச் சில்லை இரட்டிப்பாக்கினால் அவர் பங்கு 50 ஆவதில்லை. முதலிடம் பிடிக்கும் வாய்ப்பு பாதி, இரண்டாமிடம் மூன்றில் ஒன்று, மூன்றாமிடம் ஆறில் ஒன்று. பெருக்கிக் கூட்டினால் 38 ரூபாய் 33 காசு. பிளைண்டுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், 25-ஐப் பணயம் வைத்து 38.33 பெற, நூற்றுக்கு 65 முறை வென்றாக வேண்டும். எதிராளி சீட்டைப் பார்க்காமலே தள்ளுகிறார் என்று தெரிந்தாலும், ஏஸும் ராஜாவும் வேறு இனத்தில் இருந்தால் அதன் வெற்றி 65-ஐத்தான் தொடும். ஈடுகட்டுவதற்கு அவ்வளவு கடினம். தள்ளுபவருக்கோ அதே காரணத்தால் எளிது; எதிரில் இருப்பவர் அஞ்சி விலக வேண்டியிருக்கிறது.

பெரிய போட்டிக்கான நுழைவுச் சீட்டைப் பரிசாகத் தரும் தகுதிச் சுற்றுகளில் இது எல்லைக்கே போகும். பத்துப் பேருக்கும் ஒரே நுழைவுச் சீட்டு, மேசைகளில் பதினொருவர், ஒருவரிடம் 2 பிக் பிளைண்ட்தான் மிச்சம். நிறையச் சில்லு வைத்திருப்பவரிடம் இரண்டு ஏஸ் வருகிறது. அவரளவு சில்லுள்ள இன்னொருவர் ஆல்-இன் சொல்கிறார். இரண்டு ஏஸ் எந்தக் கைக்கும் எதிராக நூற்றுக்கு 85 முறை வெல்லும். ஆனால் வென்றாலும் இரண்டாவது நுழைவுச் சீட்டு கிடைக்காது. தோற்றால் கைக்கு வந்தது போய்விடும். ஆட்டத்தின் மிகச் சிறந்த கையை அவர் கீழே போடுகிறார்.